ஐந்தாம் திகதிக் காசை நிறுத்திய கதை

கடிதம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பதினேழு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழாக்குவதும், தமிழில் வரும் முறைப்பாட்டைச் சிங்களமாக்குவதும்தான் வேலை. எவ்வளவு கசப்பான விஷயத்தையும் யாருக்கும் நோகாமல் எழுதிவிடுவேன் என்று மேலதிகாரிகளே சொல்லுவார்கள். அந்தப் பெயரே ஒருமுறை என்னைக் கவிழ்த்துவிட்டது. கவிழ்ந்த இடத்தில் என்னைத் தூக்கிவிட்டவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயடைத்துப் போகிறது.

அது யுத்தம் யாழ்ப்பாணத்தைக் காலி பண்ணிய காலம். அப்பாவும் அம்மாவும் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறி, வன்னிக்குள் பல இடம் அலைந்து, கடைசியில் வவுனியாவில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கிருந்து தெற்கே வர அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமானால் எங்கே போய்த் தங்கப்போகிறார்கள் என்று ஒரு விலாசம் காட்ட வேண்டும். அந்த விலாசத்து வீட்டுக்காரர், இன்னார் என் வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள் என்று பொலிஸில் படிவம் நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் இருந்ததோ பெண்கள் விடுதியில், ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் உள்ள அறை. அதைக் காட்டி இரண்டு வயதானவர்களைக் கூப்பிட முடியாது.

வீடு தேடினேன். தொலைபேசியில் என் சிங்களத்தைக் கேட்டுவிட்டு வரச் சொன்னவர்கள், நேரில் என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் மகளுக்குக் கல்யாணம், மருமகன் வருகிறார் என்று கதை மாற்றினார்கள். நாலு வீட்டில் இப்படி. ஐந்தாவதாகக் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், வீட்டின் பின்பக்கம் இருந்த இரண்டறைப் பகுதியைத் தருவதாக ஒப்புக்கொண்டார். சிங்களவர், கண்டிப்பானவர், ஆனால் முகத்துக்கு நேரே பேசுகிறவர். அக்கம்பக்கத்தில் முணுமுணுக்கிறார்கள், ஆனபடியால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றார். ஆறு மாத வாடகை முற்பணம், காசாக வேண்டாம், செக்காக வேண்டும். வருகிற மாதம் ஆறாம் திகதி போட்டு எழுதித் தரவேண்டும். செக் மாறிக் காசு கைக்கு வந்த பிறகுதான் பொலிஸ் படிவத்தில் கையெழுத்து வைப்பேன் என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தப் பணத்தைச் சேர்க்க என்னவெல்லாம் செய்தேன் என்று இங்கே விரிக்க வேண்டியதில்லை. கையில் இரண்டு காப்பு இருந்த இடம் வெறுமையானது, கச்சேரியில் கடன் கேட்கக்கூடிய எல்லாரிடமும் கேட்டு முடிந்தது. சம்பளமும் விழுந்தால் செக்குக்குச் சரியாகக் காணும், மேலே பத்து இருபது ரூபாய்தான் மிஞ்சும். அப்போதுதான் மாதாமாதம் ஐந்தாம் திகதி என் கணக்கிலிருந்து போகிற ஐந்நூறு ரூபாய் ஞாபகத்துக்கு வந்தது.

அது கலஹாவுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போகிற காசு. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் நான் இருந்த வீட்டுக்குக் கல்லெறி விழுந்து, மூன்று கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அகதியாகக் கிடந்தேன். அங்கே தேயிலைத் தோட்டங்களிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கிய பிள்ளைகளைப் பார்த்தேன். சிலரை எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் இல்லத்தைத் தொடங்கினார்கள். பிறகு ஒரு தேவாலயச் சந்தையில் அவர்கள் மேசை போட்டுப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் நிரப்பிக் கையெழுத்து வைத்தேன். வங்கியில் ஸ்டாண்டிங் ஓர்டர், அதாவது மாதாமாதம் காசு தானாகப் போகிற கட்டளை, போடும் படிவம். அதை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்கள்தான். நான் சைவம், அவர்கள் வேதக்காரர், அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தொடக்கத்தில் நூறு, சம்பளம் ஏற ஏற ஐந்நூறு. இல்லத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை, காசு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அதை நிறுத்த வேண்டும். எனக்கு அதை நினைக்கவே கூசியது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் சோற்றை எடுத்து என் தாய் தகப்பனுக்குப் போடுகிற மாதிரி இருந்தது. வங்கிக்கு நேரே போய் நிறுத்தச் சொல்வது, அவர்களுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் செய்கிற வேலையாகப் பட்டது. முதலில் அவர்களுக்கு மரியாதையாக அறிவிப்போம், படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள்தானே, நிறுத்தச் சொல்லி வங்கிக்கும் அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன். பதினேழு வருடம் அரச உத்தியோகத்தில் இருந்த ஒருத்தி இப்படி எண்ணினாள் என்று சொல்ல இப்போதும் வெட்கம்.

கடிதம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. ஒன்றரைப் பக்கம். இல்லத்தின் தொண்டைப் போற்றினேன். அதில் அணிலளவு பங்கெடுக்கக் கிடைத்ததை என் பாக்கியம் என்றேன். நாட்டின் நிலைமையைத் தொட்டேன், குடும்பப் பொறுப்புகளைக் கோடிகாட்டினேன். "இதுகாறும் இயன்றவாறு ஆற்றிவந்த சிறு பங்களிப்பானது இனிவரும் காலங்களில் சூழ்நிலைக்கும் இறைசித்தத்துக்கும் அமைவதாக" என்று ஒரு வசனம் வைத்தேன். அதுதான் நிறுத்துகிற வசனம். வாசித்துப் பார்த்தேன், ஒரு இடத்திலும் முரடு இல்லை. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. உங்கள் கடிதம் எங்களுக்குப் பெரிய ஆறுதல், பிள்ளைகள் எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னார்கள், கடவுள் உங்கள் குடும்பத்தைக் காப்பாராக என்று குண்டு குண்டான எழுத்தில் நாலு வரி. எவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு, ஆறாம் திகதியைப் போட்டுச் செக்கை எழுதித் தபால் அதிபரிடம் கொடுத்தேன்.

ஒன்பதாம் திகதி காலை கச்சேரிக்குத் தொலைபேசி வந்தது. தபால் அதிபர் குரலை உயர்த்தவில்லை. செக் திரும்பி வந்துவிட்டது, கணக்கில் காசு போதாதாம், ஞாயிற்றுக்கிழமை வேறு ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் வவுனியாவில் என்னுடைய விலாசத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முகாமில் காய்ச்சல் என்று அதற்கு முதல் நாள்தான் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்கு ஓடினேன். அங்கே நடைமுறைக் கணக்குகளைப் பார்த்தவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் உத்தியோகத்தர். பேரேட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார். ஐந்தாம் திகதி, ஸ்டாண்டிங் ஓர்டர், ஐந்நூறு. அடுத்து செக், காசு போதாமல் திரும்பியது. அதற்கடுத்து, திரும்பியதற்கு வங்கி வெட்டிய கட்டணம்.

நான் நிறுத்தச் சொல்லி எழுதினேனே என்றேன். யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டார். இல்லத்துக்கு என்றேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கணக்கு ஒங்கட. ஓர்டரும் ஒங்கட. நீங்க சொல்லாம நாங்க எப்புடி நிப்பாட்டுற? அவங்க வந்து சொன்னாலும் நாங்க நிப்பாட்ட ஏலாது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. காசு வாங்குகிறவர் அல்ல, கொடுக்கிறவர்தான் கட்டளையை இரத்துச் செய்ய முடியும். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். என் கணக்கிலக்கம், யாருக்குப் போகிற காசு, எவ்வளவு, எந்தத் திகதியில், இத்தோடு இரத்துச் செய்யவும். வங்கியில் வைத்திருக்கிற மாதிரிக் கையெழுத்து எதுவோ அதே கையெழுத்து. இரண்டு வரியில் முடிந்தது. நான் வழக்கம்போல மேலே "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பிரதியில் கிடைத்த திகதி முத்திரை குத்தி, கையொப்பம் வைத்து என்னிடமே தந்தார். ஸ்டாண்டிங் ஓர்டர் பதிவேட்டைத் திறந்து என் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுத்ததையும் எனக்குக் காட்டினார். வருகிற ஐந்தாம் திகதிக்குப் பிறகு ஒருமுறை வந்து தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்றார்.

இந்த மாதக் காசைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். அது அவர்கள் கணக்கில் விழுந்துவிட்டது, அவர்கள் சம்மதம் இல்லாமல் வங்கி அதைத் தொடாது, நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும் என்றார். வாசல்வரை வந்தவளைக் கூப்பிட்டு, கேட்டால் தருவார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அது எப்படி அவருக்குத் தெரியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கலஹா பஸ்ஸில் ஏறினேன். கொடுத்த தர்மத்தைத் திருப்பிக் கேட்கப் போகிற பயணம் அது. அதைவிடக் கேவலமான பயணம் ஒன்று இருக்குமா என்று யோசித்துக்கொண்டே போனேன். பேராதனை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டதற்கு, பிள்ளைகள் இல்லத்துக்கு என்றேன். அவன் அட்டையைத் திருப்பித் தந்து, தலையை ஆட்டி ஏறச் சொன்னான். நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பான், எனக்கு முகம் சுட்டது.

இல்லம் தேயிலை மலைக்கு நடுவே தகரக் கூரை போட்ட மூன்று நீளக் கட்டடம். நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது, நான் எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் அதிகம். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு அறிவித்தல் பலகை. அதில் பிள்ளைகள் கீறிய படங்களுக்கு நடுவே, நாலு மூலையிலும் ஊசி குத்தி, என் கடிதம் தொங்கியது. ஒன்றரைப் பக்கமும். கீழே ஒரு துண்டுத்தாளில், "நல்ல தமிழ் இப்படி எழுத வேண்டும்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதன் முன்னே நின்று இரண்டு சிறுமிகள் அப்பியாசக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "இறைசித்தத்துக்கும்" என்ற சொல்லில் நின்று, எண்ணி எண்ணி எழுத்துக்களைப் போட்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது எனக்கு.

அலுவலக அறையில் இருந்தவள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். கன்னியாஸ்திரி அல்ல, சாதாரணப் பருத்திச் சேலை. இல்லத்தின் காசு விவகாரம் முழுவதும் அவள் கையில் என்று பிறகு தெரிந்தது. லொறியில் வந்து இறங்கிய பிள்ளைகளில் ஒருத்தி என்பதையும் அவளே சொன்னாள், பஸ்ஸில் வந்தேன் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாக. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. ஒங்க லெட்டர புள்ளைங்க மனப்பாடமே பண்ணிட்டாங்க."

கதிரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். வவுனியா, பாஸ், வீடு, செக், ஐந்நூறு. சொல்லும்போது என் குரலே எனக்குப் பிச்சை கேட்கிற குரலாகக் கேட்டது. முடிந்ததும் எழுந்து போய், பலகையிலிருந்து கடிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுல எந்த எடத்துலக்கா நிறுத்துறேன்னு இருக்கு?"

நான் அந்த வசனத்தைக் காட்டினேன். அவள் இரண்டு தரம் படித்தாள். நான் இருந்த இருப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்திருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்களுக்குத்தான் வெளங்கல. சந்தோசத்துல படிச்சிட்டோம்."

இப்படியும் ஒருத்தர் பிழையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியுமா என்று நான் திகைத்துப் போனேன். என் வாழ்நாளில் ஆயிரம் கடிதம் மொழிபெயர்த்திருக்கிறேன், ஆயிரத்திலும் பிழை எதிராளியுடையதுதான்.

அவள் பெட்டியைத் திறந்து ஐந்நூறு ரூபாயை எடுத்தாள். ஒரு வவுச்சர் எழுதினாள், திருப்பிக் கொடுத்தது என்று. பக்கத்து அறையிலிருந்த பொறுப்பான சிஸ்டரிடம் கொண்டுபோய் இரண்டாவது கையெழுத்தும் வாங்கி வந்தாள். என்னையும் கையெழுத்திடச் சொன்னாள். நான் தயங்கி, இந்த மாதத்துக் காசு இருக்கட்டும், நான் எங்காவது கைமாற்று வாங்கிக்கொள்கிறேன் என்று இழுத்தேன். உண்மையில் கடன் கேட்க ஒரு இடமும் இல்லை, அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"நீங்க நிறுத்தணும்னு நெனச்ச பொறகு வந்த காசுக்கா இது. இது எங்க காசு இல்ல."

பிறகுதான் அந்த வழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். சில வருடத்துக்கு முதல் ஒருவர் இறந்துபோனது தெரியாமல் அவருடைய கணக்கிலிருந்து எட்டு மாதம் இல்லத்துக்குக் காசு வந்துகொண்டே இருந்ததாம். வங்கிக்கும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவருடைய மனைவி கைக்குழந்தையோடு இந்த வாசலில் வந்து நின்றாளாம். அன்றிலிருந்து யாராவது கொடுப்பதை நிறுத்தினால், இவள் மூன்று மாதம் ஆறாம் திகதியில் கண்டிக்கு, என் கணக்கு இருந்த அதே வங்கிக்குப் போய், இல்லத்தின் கணக்கில் அவர்களிடமிருந்து காசு விழவில்லை என்று பார்த்து, அதை ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுவாளாம். தவறி வந்திருந்தால் அன்றைக்கே திருப்பிவிடுவாளாம். கொடுக்கிறவர்களுக்கு ரசீது அனுப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கொடுக்காதவர்களுக்கு, நீங்கள் கொடுக்கவில்லை என்று உறுதி சொல்லக் காசு செலவழித்து பஸ் ஏறுகிறவளை அன்றைக்குத்தான் கண்டேன். வங்கி உத்தியோகத்தர் ஏன் அப்படிச் சொன்னார் என்றும் விளங்கியது.

காசை வாங்கிக்கொண்டு எழும்பினேன். அவள் குடையை எடுத்தாள்.

"ஊட்டுக்காரர் எங்க இருக்காரு? வாங்க போறோம்."

வேண்டாம் என்றேன், நான் சமாளிப்பேன் என்றேன். காசு குடுத்தாச் சரியாயிடுமா, செக்கு திரும்புனா மனுசன் நம்ப மாட்டாரே என்று அவள் கேட்டாள். வவுச்சரின் பிரதியையும், என் பெயரில் போட்ட பழைய ரசீதுப் பிரதிகளின் கட்டு ஒன்றையும், ஊசி குத்திய ஓட்டைகளோடு என் கடிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு பஸ் மாறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். தபால் அதிபர் வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. நான் என் கச்சேரிச் சிங்களத்தில், நிகழ்ந்த தவறுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தொடங்கினேன். அவர் முகம் இன்னும் இறுகியது. அவள் என் கையைப் பிடித்து மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சந்தையில் பேசுகிற சிங்களத்தில், ஐயா, இந்த அக்காவுடைய செக்கைத் தின்றது நாங்கள்தான் என்றாள்.

அவர் விளங்காமல் பார்த்தார். அவள் ரசீதுக் கட்டை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தாள். இது இந்த வருடம், இது போன வருடம், இது நான் பள்ளிக்கூடம் போன வருடம் என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். பதினொரு வருடம் ஒரு மாதமும் தவறவில்லை என்றாள். இப்போது தாய் தகப்பனுக்காக நிறுத்த வேண்டி வந்தது, அதை எங்களுக்கு நோகாமல் சொல்லப் போய் ஒருவருக்கும் விளங்காமல் போய்விட்டது, காசு எங்களிடம் வந்துவிட்டது, இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இதோ வவுச்சர், இதோ வங்கி முத்திரை குத்திய இரத்துக் கடிதம், இனிமேல் போகாது. அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவும் இல்லை, என்னைப் புகழவும் இல்லை. பதினொரு வருடமும் என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாமல் நான் வைத்திருந்த விஷயம், ஒரு வாசற்படியில் காகிதமாக விரிந்து கிடந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தபால் அதிபர் ரசீதுகளை அடுக்கி, விளிம்பு சரிபார்த்து, அவளிடம் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருடம் தபாற் கந்தோரில் இருந்த கை அது. பிறகு என் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தார், தமிழ் வாசிக்கத் தெரியாது, நீளத்தை மட்டும் பார்த்தார்.

பதினொரு வருடம் கொடுக்கத் தெரிந்தது, வேண்டாம் என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையா என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். செக்கைத் திங்கட்கிழமை மறுபடி போடுகிறேன் என்றார். உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். கலஹாவுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

திங்கட்கிழமை காலை வங்கி திறந்ததும் ஐந்நூறைக் கட்டினேன். வங்கி வெட்டிய கட்டணத்துக்காகக் கச்சேரிச் சிற்றூழியரிடமும் கைமாற்று வாங்கியாயிற்று. வியாழக்கிழமை செக் மாறியது. சனிக்கிழமை தபால் அதிபர் என்னோடு பொலிஸுக்கு வந்து கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம் ஆறாம் திகதி, மதிய இடைவேளையில் வங்கிக்குப் போனேன். அக்குறணைக்காரர் ஒன்றும் கேட்காமலே தாளை எடுத்துத் திருப்பினார். நாலாம் திகதிக்கு ஒரு வரி இருந்தது, அதற்கடுத்து வேறு ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அவருடைய மேசைக்கு முன்னால் அடுத்ததாக, கையில் ஒரு தபாலட்டையோடு நின்றுகொண்டிருந்தவள் அவள்தான். தன்னுடைய தாளைப் பார்க்க வந்திருந்தாள். என்னைக் கண்டு தலையசைத்துவிட்டு, அங்கேயே கவுண்டரில் வைத்து அட்டையை எழுதினாள். கையிலே தந்துவிடேன் தங்கச்சி என்றேன். தபாலில் வந்தால்தான் முத்திரையும் திகதியும் இருக்கும் என்று சொல்லிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்த கிழமை வந்து சேர்ந்தார்கள். அப்பா பாதியாகிவிட்டிருந்தார். அம்மா வந்த அன்றிரவு கட்டிலில் படுக்காமல் பாயில் படுத்தாள், கட்டில் ஆடுகிற மாதிரி இருக்கிறதாம். நான் அவர்களுக்கு வீட்டுக் கதை ஒன்றும் சொல்லவில்லை. முதல் அட்டை விடுதி விலாசத்துக்குப் போய்ச் சுற்றி வந்தது, இரண்டாவது நேரே வந்தது. மூன்றாவதைத் தபால்காரரிடம் வாங்கியது அப்பா. நான் வேலையால் வரும்வரை கையிலேயே வைத்திருந்தார். அதே குண்டு எழுத்து.

"இந்த மாதமும் உங்களிடமிருந்து பணம் எதுவும் வரவில்லை. மூன்று மாதம் முடிந்தது. இனிமேல் வராது, பயப்பட வேண்டாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா?"

இது என்ன என்று அப்பா கேட்டார். காசு வரவில்லை என்று அன்பாய் எழுதியிருக்கிறார்களே, ஆர் இவை என்றார். மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் பலகையில் தொங்கிய இடத்தில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், அம்மா படுத்திருந்த அறையைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார்.

"பிள்ளை, அப்ப இந்த மூண்டு மாசமும் அந்தப் பிள்ளையளுக்கு அந்தக் காசை ஆர் குடுத்தது?"

நான் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டிருக்கவில்லை. அட்டையை வாங்கி மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன். என் விலாசம் இருந்தது, முத்திரை இருந்தது, திகதி இருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.